டைகிரிஸ் ஆற்றில் கரைந்த மையும் கரையாத நூல்களும்

“1258-இல் மங்கோலியர் பாக்தாத் நூல்கள் அனைத்தையும் டைகிரிஸில் எறிந்தார்கள், ஆறு மையால் கறுத்தது, இஸ்லாமிய அறிவுலகம் அத்துடன் முடிந்தது.”

படுகொலையும் கொள்ளையும் நடந்தது உண்மை. நூல்கள் அழிந்ததும் உண்மை. ஆனால் கறுத்த ஆறு பிற்கால நூல்களில் வளர்ந்த சித்திரம். பாக்தாதில் பிறந்த இப்னுல் ஃபுவதியின் வாழ்க்கையைப் பாருங்கள். நகரம் வீழ்ந்தபோது பதினான்கு வயதுச் சிறுவனாகச் சிறைபிடிக்கப்பட்ட அவர், பின்னர் வானியலறிஞர் நசீருத்தீன் தூசியிடம் சேர்ந்து, பாக்தாதை வீழ்த்திய மங்கோலியத் தலைவர் ஹுலாகுவின் ஆதரவில், வடமேற்கு ஈரானில் 1259-இல் கட்டத் தொடங்கிய மராகா வானாய்வகத்தின் நூலகராக ஆனார். பாக்தாதிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட நூல்களும் அங்கே இருந்தன. அங்கு நான்கு லட்சம் நூல்கள் இருந்ததாகச் சொல்லப்படுவது மிகையாகவே எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் பாக்தாதுக்குத் திரும்பிய அவர், அழியாமல் நின்ற முஸ்தன்சிரிய்யா மதரசாவின் நூலகத்தை நிர்வகித்தார்.

மீளாத இழப்பைத் தேடுபவர்கள் கிழக்கே மெர்வ் நகரைப் பார்க்க வேண்டும். அங்கிருந்த பத்து நூலகங்களைப் பற்றி எழுதிய புவியியலாளர் யாகூத், பெரும்பாலும் பிணைத்தொகையின்றியே இரவல் பெற்ற இருநூறு நூல்கள் எந்நேரமும் தம் வீட்டில் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். 1221-இல் அந்த நகரம் மங்கோலியரால் சூறையாடப்பட்டது. அந்த நூலகங்களுக்கு மராகாவைப் போன்ற ஒரு புகலிடம் வாய்க்கவில்லை.