விவசாயி வரி கட்டவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், கீழே நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். "மாதச் சம்பளக்காரன் வரி கட்டுகிறான், விவசாயி ஒரு பைசா கட்டாமல் சலுகை மட்டும் கேட்கிறான்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு எத்தனை விருப்பக்குறிகள்! என் கூடப் படித்தவர்களே போட்டிருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது இதுதான். விவசாயி வரி கட்டினான். அவன் மட்டும்தான் கட்டினான் என்று சொல்லுமளவுக்குக் கட்டினான். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டிஷ் இந்திய அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் நிலவரி. பட்டாளத்துக்குச் சம்பளம், கோர்ட், தாலுகா கச்சேரி எல்லாம் நெல்லும் சோளமும் விற்ற காசில் நடந்தன. மாவட்டத் தலைவருக்குக் கலெக்டர் என்று ஏன் பெயர்? வசூலிப்பவர் என்பதால்தான். வசூலித்தது எங்களிடம்.

நம் பக்கத்தில் அது ரயத்வாரி. பிற்பாடு சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ வளர்த்தெடுத்த முறை. நடுவில் ஜமீன்தார் கிடையாது, ஒவ்வொரு பட்டாதாரரும் நேரே அரசுக்குக் கட்ட வேண்டும். மண்ணைத் தரம் பிரித்து, ஏக்கருக்கு இவ்வளவு தீர்வை என்று ரூபாயில் எழுதி, 30 வருடத்துக்கு மாறாமல் வைப்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வசூல் எப்படி நடந்தது என்று விசாரிக்க சென்னை மாகாணத்தில் ஒரு கமிஷனே போட்டார்கள், 1855-இல் அறிக்கை வந்தது. கிட்டி என்ற மரக் கருவியில் விரலை வைத்து நெரிப்பது, அண்ணாந்தாள் என்று கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைப்பது எல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது. வரி பாக்கிக்காக இதைச் செய்தார்கள். இன்று வருமான வரி நோட்டீஸ் வந்தால் ஆடிட்டரிடம் போகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு செம்பு அண்டா இருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். அது நசுங்கியது நிலவரிக் கணக்கு ஆண்டான பசலி 1343-இல், அதாவது 1933-34. உலகம் முழுக்க விலை சரிந்த காலம், நெல்லும் சரிந்தது. தீர்வை சரியவில்லை, அது ரூபாயில் எழுதிய தொகை. கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஏக்கருக்குத் தீர்வை 12 ரூபாய். மூட்டை 6 ரூபாய் விற்றால் 2 மூட்டையில் தீரும், 3 ரூபாய்க்கு இறங்கினால் 4 மூட்டை போட வேண்டும். அறுவடை முடிந்த கையோடு தீர்வைத் தவணையான கிஸ்தியைக் கேட்பதால் ஊரே ஒரே நேரத்தில் நெல்லை விற்கும், விலை இன்னும் விழும். கொள்ளுத்தாத்தாவால் கடைசிக் கிஸ்தி கட்ட முடியவில்லை. தலையாரியோடு வந்து அந்த அண்டாவை ஜப்தி செய்தார்கள். வண்டியில் போட்டபோது நசுங்கியதாம். கொள்ளுப்பாட்டி தோட்டை அடகு வைத்து மீட்டாள். தாத்தாவுக்கு அப்போது 15 வயது. கடைசி வரைக்கும் அந்த அண்டாவை யாரையும் தேய்க்க விடமாட்டார், அவரே புளி போட்டுத் தேய்ப்பார்.

இவர்கள் வரி கட்டவில்லையாம்.

"அதெல்லாம் பழைய கதை, இப்போது விவசாய வருமானத்துக்கு வரி இல்லையே" என்பார்கள். சரி, ஏன் இல்லை என்று யாராவது யோசித்தீர்களா? 1857 கலகத்தில் கஜானா காலியானதும் 1860-இல் பிரிட்டிஷ் இந்திய அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் வருமான வரியைக் கொண்டுவந்தார். அதில் விவசாய வருமானமும் சேர்த்திதான். பிறகு அந்த வரி போவதும் வருவதுமாக இருந்து, 1886 சட்டத்தில்தான் நிலைத்தது. அப்போதுதான் விவசாயத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். நிலம் ஏற்கெனவே தீர்வை கட்டுகிறது, ஒரே விளைச்சலுக்கு இரண்டு முறை வாங்கக்கூடாது என்பதுதான் காரணம். யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகை கிடையாது. அண்டாவைப் பறிகொடுத்த வருடமும் அந்த விலக்கு இருந்தது, அதனால் எங்களுக்கு என்ன லாபம்?

நிலவரி செத்ததும் அதே கணக்கில்தான். ரூபாயில் நிலைத்த தொகை விலை இறங்கினால் விவசாயியைக் கொல்லும், விலை ஏறினால் தானே தேய்ந்துபோகும். உயர்த்தப் போனால் ஊர் எழுந்துவிடும். 1928-இல் குஜராத்தின் பர்தோலியில் நிலவரியை 22 சதவீதம் ஏற்றப் பார்த்து, வல்லபாய் படேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மறுத்து, விசாரணைக்குப் பிறகு சுமார் 6 சதவீதத்தில் வந்து நின்றது. அதன்பின் அதைத் தொடவே அரசுகள் தயங்கின. அந்த 12 ரூபாய் அப்படியே இருந்தால், இன்றைய விலையில் ஒரு கிலோ நெல்லுக்குக்கூடச் சமம் இல்லை.

அரசுக்குப் பணம் வேண்டுமே, வேறு பக்கம் திரும்பியது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937-இல் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார், சாராய வருமானம் போனது. அந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரி வந்தது. எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரி இந்தியாவிலேயே அதுதான் முதல். அரை சதவீதத்தில் ஆரம்பித்தது வளர்ந்து வளர்ந்து 2017-இல் ஜிஎஸ்டியில் கலந்தது. வரி நிலத்தை விட்டுக் கடைக்குப் போயிற்று, அவ்வளவுதான். கடைக்கு நாங்களும்தானே போகிறோம்?

போன சம்பாவுக்கு எங்கள் ஒரு ஏக்கர் பில்லைச் சொல்கிறேன். உரம் 4,000 ரூபாய், அதற்கு 5 சதவீதம், 200. பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் 2,000, அதற்கு 18 சதவீதம், 360. ஆக 560 ரூபாய். டீசலில் இருக்கும் வரி தனி. கடைக்காரர் தான் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை விற்கும்போது கழித்துக்கொள்வார். என்னால் முடியாது. நெல்லுக்கு ஜிஎஸ்டி இல்லாததால் நான் கழிக்க இடமே இல்லை, சங்கிலி என்னிடம் வந்து அறுந்துவிடுகிறது. 560 ரூபாய் என் தலையில் நிற்கிறது. ரசீதில் "விவசாயி கட்டிய வரி" என்று எழுதியிருக்காது, அதனால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பண்ணை வீடு வைத்திருக்கும் கோடீஸ்வரன் விவசாய வருமானம் என்று காட்டி ஏமாற்றுகிறானே?" ஏமாற்றுகிறான். தீர்வை தேய்ந்த பிறகு விலக்குக்கு இருந்த பழைய காரணமும் தேய்ந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். அவனைப் பிடியுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் அரசியல் சட்டத்தில் மாநிலங்களுக்கு இருக்கிறது. ஆனால் அவனைக் காட்டி இரண்டு ஏக்கர்க்காரனை ஏன் திட்டுகிறீர்கள்? அந்தப் பதிவில் கோடீஸ்வரன் படமா போட்டிருந்தது? கோவணம் கட்டி நாற்று நடுகிறவரின் படம் போட்டிருந்தது. அதுதான் வலித்தது.

ஒன்று தெரியுமா? இன்றைக்கும் ஒரு வியாபாரி ஜிஎஸ்டி பாக்கி வைத்தால், கலெக்டருக்குச் சான்று அனுப்பி "நிலவரி பாக்கி போல" வசூலிக்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. வரி என்றால் எப்படி வசூலிப்பது என்று அரசு கற்றுக்கொண்டதே எங்கள் வாசலில்தான்.

பதிவை நீக்கச் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திருத்துங்கள். பசலி 1343 ரசீதின் படத்தை முதல் பின்னூட்டத்தில் போட்டிருக்கிறேன். ஓரம் செல்லரித்துவிட்டது, தொகையும் கொள்ளுத்தாத்தா பெயரும் தெளிவாகத் தெரிகின்றன.