சொல்லை மாற்றினால் கட்டுரை உங்களுடையதாகிவிடுமா?

வன்னியில் எந்த மலரைப் புரட்டினாலும் குளங்களைப் பற்றி ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். பிரதேச செயலக மலர், பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், எதுவானாலும் சரி. அவற்றில் பல, ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது இரண்டாம் பந்தியிலேயே தெரிந்துவிடும். எழுதியவரிடம் கேட்டால் முகம் சுருங்கும். "பார்த்து எழுதவில்லை ரீச்சர், வசனங்களை எல்லாம் மாற்றித்தானே எழுதினேன்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். சிக்கலே அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது.

ஒரு மூலக் கட்டுரையில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வசனங்கள் நான் அமைத்தவை: "வன்னியின் சிறு குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேற்குளத்தின் வான் நீர் வயலைக் கடந்து அடுத்த குளத்தை நிரப்புகிறது. ஆகவே மேற்குளத்தின் கட்டை உயர்த்தினால் கீழ்க்குளம் வறளும்."

மாணவரின் ஒப்படையில் இது இப்படி மாறுகிறது: "வன்னியின் சிறிய குளங்கள் தனியே அமைந்தவை அல்ல. மேலுள்ள குளத்தின் மழைநீர் வயலைத் தாண்டி அடுத்த குளத்தை நிறைக்கிறது. எனவே மேலுள்ள குளத்தின் அணையை உயர்த்தினால் கீழுள்ள குளம் வற்றும்."

மூன்று வசனங்கள், அதே வரிசை, அதே 'அல்ல', 'ஆகவே' இருந்த இடத்தில் 'எனவே'. எலும்புக்கூடு அப்படியே நிற்க, தோல் மட்டும் மாறியிருக்கிறது. 'வான் நீர்' என்பது குளம் நிரம்பியபின், கட்டில் அதற்கென விடப்பட்ட வான் என்ற வாய் வழியாக வழியும் மிகை நீர். அது இங்கே மழைநீராகிவிட்டது. விளங்காமல் சொல்லை மட்டும் மாற்றியவர் பிடிபடுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். ஒப்புமை காட்டும் மென்பொருள் ஒத்த சொற்றொடர்களைத் தேடுவது. மாற்றம் சற்று அதிகமானால் அது கோட்டைவிட்டுவிடும். குளக்கட்டில் நடந்து பழகிய கண் விடாது.

அமெரிக்கப் பேராசிரியர் ரெபேக்கா மூர் ஹோவர்ட் 1990களின் தொடக்கத்தில் இதற்கு 'பேட்ச்ரைட்டிங்' என்று பெயர் வைத்தார். ஒட்டு எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம். மூலத்தில் சில சொற்களை நீக்கி, இலக்கணத்தைச் சற்றுத் திருப்பி, ஒத்த சொற்களைச் செருகுவது அது. புதிய துறைக்குள் நுழைகிறவர்கள் அதன் மொழியைப் பழகும் வழி இது, எடுத்த எடுப்பில் குற்றமாக்கித் தண்டிக்காதீர்கள் என்பது அவர் வாதம். வகுப்பறைக்கு அது முற்றிலும் பொருந்தும் என்பேன். அச்சேறும் மலருக்குப் பொருந்தாது.

பந்தியின் முடிவில் மூல ஆசிரியரின் பெயரைப் போட்டால் சரியாகிவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். பாதிதான் சரியாகும். அந்தப் பெயர், கருத்து யாருடையது என்று சொல்கிறது. வசனம் யாருடையது என்று சொல்வதில்லை. மேற்கோள் குறி இல்லாத வசனத்தை வாசகர் உங்களுடையதென்றே எடுத்துக்கொள்வார். ஒன்றில் மேற்கோள் குறிக்குள் அப்படியே தாருங்கள்; இல்லையேல் மூலத்தை மூடிவைத்து, விளங்கியதை எழுதி, பிறகு திறந்து ஒப்பிடுங்கள். "மேற்குளத்துக் கட்டை உயர்த்துகிறவர் உண்மையில் கீழ்க்குளத்தாரின் தண்ணீரை மறிக்கிறார் என்கிறார் கட்டுரையாளர்" என்று வந்தால், அது உங்கள் வசனம்.

தெரியாமல் செய்தால் திருட்டாகுமா? அமெரிக்க அரசின் 2000ஆம் ஆண்டு ஆய்வு முறைகேட்டுக் கொள்கை இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. பிறருடைய கருத்து, செய்முறை, முடிவு, சொல் ஆகியவற்றை உரிய உரிமை குறிப்பிடாமல் எடுத்தால் அது எழுத்துத் திருட்டு. இந்த வரைவிலக்கணத்தில் நோக்கம் பற்றிய பேச்சே இல்லை. முறைகேடு என்று தீர்ப்பளிக்கும்போதுதான் வேண்டுமென்றோ, தெரிந்தோ, பொறுப்பற்றோ செய்தாரா என்று பார்க்கிறார்கள். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கிறது. தாளில் இருப்பது ஒரு கேள்வி, எழுதியவரை என்ன செய்வது என்பது இன்னொன்று. நம்மவர்கள் இரண்டையும் குழப்பி, "நல்ல பிள்ளை" என்பதற்காகத் தாளையும் மன்னித்துவிடுகிறார்கள்.

ஒரு வசனம்கூட ஒட்டாமல் கருத்தை மட்டும் எடுப்பது இதைவிட நுட்பமானது. இரணைமடு கிளிநொச்சி மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு யார் பெயரும் வேண்டாம். அது பொது அறிவு. ஒரு குளத்து நீர் அடுத்ததற்குப் போகிறது என்பதும் நம் கமக்காரர்களுக்கு என்றைக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு சிறு நீரேந்து பகுதிக்குள் தொடராக அமைந்த குளங்களை ஒரே அலகாக ஆராய வேண்டும் என்ற கருத்தை ஆய்வுலகில் முன்வைத்தவர் பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார, 1985இல். அந்தச் சட்டகத்தை வைத்து உங்கள் ஊர்க் குளங்களை விளக்கினால், சொற்கள் முழுவதும் உங்களுடையவையாக இருந்தாலும் அவர் பெயர் வரவேண்டும்.

அச்சில் வராத கருத்துக்கும் இதே நியாயம்தான். எந்தத் துருசை எப்போது திறந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டும் என்பதைக் கமக்காரர் அமைப்பின் மூத்தவர் ஒருவர் திண்ணையில் இருந்து விளக்கியிருப்பார். கட்டுரையில் அது "ஆய்வில் கண்டறியப்பட்டது" என்று வரும். கண்டறிந்தவர் அவர். அவருடைய சம்மதத்தோடு பெயர், ஊர், நேர்காணல் நடந்த திகதி ஆகியவற்றைப் பந்திக்குள்ளேயே எழுதலாம். பெயர் வேண்டாம் என்றால் "இன்ன ஊரின் மூத்த கமக்காரர் ஒருவர்" என்றாவது எழுதலாம். முன்னுரையின் கடைசி வரியில் "தகவல் தந்த அனைவருக்கும் நன்றி" என்பது இதற்கு ஈடாகாது. எந்தத் தகவல் யார் தந்தது என்று அதில் ஒருவரும் கண்டுபிடிக்க முடியாது.