ஒரு ரூபாய்க்கு ஒன்பது ரூபாயா?

“இந்தத் தொழிற்பயிற்சி அறக்கட்டளைக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் சமூகத்துக்கு 9 ரூபாய் திரும்புகிறது. வேலை கிடைத்தவர்கள் சம்பாதிப்பதே சாட்சி!”

தவறு. இந்த 9 எப்படி வருகிறது என்று ஒரு மாதிரிக் கணக்கில் பார்ப்போம். செலவு 20 லட்சம், பயின்றவர்கள் 100 பேர், வேலை கிடைத்தது 60 பேருக்கு. ஆளுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் கூடுதல் வருமானம் என்றால் ஐந்தாண்டில் 180 லட்சம். இருபதால் வகுத்தால் 9.

முதல் கழிவு, டெட்வெயிட்: பயிற்சி இல்லாமலே நடந்திருக்கக்கூடியது. இதைப் பயின்றவர்களிடமே கேட்டால் நன்றியுணர்வில் குறைத்துச் சொல்வார்கள். விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களைப் பார்ப்பதே மேல். அவர்களில் நூற்றுக்கு 25 பேருக்குத் தாமாகவே வேலை கிடைத்திருந்தால், 60இல் மிஞ்சுவது 35.

அடுத்தது அட்ரிபியூஷன், அதாவது யார் பங்கு எவ்வளவு என்பது. அரசு உதவித்தொகைக்கும் கடையில் வைத்துப் பழக்கிய முதலாளிக்கும் 40 சதவீதம் என்று வைத்தால் 35 பேர் 21 பேராகிறார்கள். ஐந்தாண்டுக்கு 63 லட்சம், அதாவது சுமார் 3.15. பயிற்சியின் தாக்கம் ஆண்டுக்கு 20 சதவீதம் தேய்ந்தால் 2.1தான்.

சரி, 2.1 மோசமா? இல்லை, நல்ல எண்தான். ஆனால் அந்த 40 சதவீதம் மதிப்பீடு மட்டுமே; அதை 20 ஆக்கினால் விடை 2.8 ஆகிவிடும். கழிவுகளை வெளியிடாத அறிக்கையின் விகிதத்தை அப்படியே பகிராதீர்கள்.