இரண்டாவது ஜென்டாமைசின் ஊசி தேவையா?

பிறந்த முதல் வாரத்தில் செப்சிஸ் சந்தேகம் என்றால் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்த்துத் தொடங்குவது பழக்கமான வழி. தொடங்குவதில் யாருக்கும் தயக்கமில்லை. தடுமாற்றமெல்லாம் அளவிலும் நிறுத்துவதிலும்தான்.

31 வாரத்தில் பிறந்த 1,200 கிராம் குழந்தை. தாய்க்குப் பனிக்குடம் உடைந்து 20 மணி நேரம் ஆகியிருந்தது, குழந்தைக்கு மூச்சுத்திணறல். திங்கள் இரவு 10 மணிக்குக் கல்ச்சருக்கு ஒரு மில்லி ரத்தம் எடுத்து உடனே மருந்து தொடங்குகிறோம். ரத்தம் அரை மில்லிதான் என்றால், பிறகு 'நெகட்டிவ்' வந்தாலும் மனம் அதை நம்பாது.

ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மி.கி., அதாவது 60 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஜென்டாமைசின் கிலோவுக்கு 5 மி.கி., அதாவது 6 மி.கி., ஆனால் 36 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். குறைமாதக் குழந்தையின் உடலில் நீர் அதிகம் என்பதால் ஒரு தடவைக்கான அளவைக் குறைத்தால் மருந்து நீர்த்துப்போகும். சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றுவதால் இடைவெளியைத்தான் நீட்ட வேண்டும். (உங்கள் பிரிவின் அட்டவணை சற்று மாறலாம், அதையே பின்பற்றுங்கள்.)

மில்லிக்கு 40 மி.கி. உள்ள ஜென்டாமைசினில் 6 மி.கி. என்பது வெறும் 0.15 மில்லி. சிரிஞ்சின் முனையிலும் ஊசியின் அடியிலும் தங்கும் துளியே அளவைக் கெடுத்துவிடும். ஒரு மில்லி மருந்தோடு மூன்று மில்லி சலைன் சேர்த்தால் மில்லிக்கு 10 மி.கி. ஆகிறது, 0.6 மில்லி போதும். ஆம்பிசிலின் 500 மி.கி. பொடியை மொத்தம் 5 மில்லியாகக் கரைத்தால் அதுவும் 0.6 மில்லிதான்! பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு சிரிஞ்சுகள்: லேபிள் ஒட்டாமல் கீழே வைக்காதீர்கள். இரண்டையும் ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது, ஜென்டாமைசின் வீரியம் இழக்கும்.

இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். 36 மணி நேரம் முடிவது புதன் காலை 10 மணி. வளரும் கிருமிகளில் பெரும்பாலானவை அதற்குள் வளர்ந்துவிடும். அதே நேரத்தில்தான் இரண்டாவது ஜென்டாமைசினும் வர வேண்டும். கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, குழந்தையும் தேறியிருக்கிறது என்றால் அந்த ஊசியே வேண்டாம், ஆம்பிசிலினையும் நிறுத்தலாம். ஆனால் கல்ச்சர் பாட்டில் இரவெல்லாம் மேசையில் கிடந்து செவ்வாய் காலை 8 மணிக்குத்தான் இயந்திரத்துக்குள் போனது என்றால், முடிவு புதன் இரவு 8 மணிக்குத் தள்ளிப்போகிறது. அந்தச் சோம்பலுக்கு விலை, குழந்தைக்கு இன்னொரு ஜென்டாமைசின்.

சிஆர்பி கொஞ்சம் ஏறியிருக்கிறது, ஏழு நாள் போடுவோம் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கடினமான பிரசவத்திலும், மலம் கலந்த நீரை உள்ளிழுத்த குழந்தையிலும்கூட அது ஏறும். மருந்தை நீட்டிய மிகச் சிறு குழந்தைகளிடம் குடல் அழற்சியும் இறப்பும் கூடுதலாகக் காணப்பட்டிருக்கின்றன.

குழந்தை இன்னும் சோர்ந்தே கிடக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே முதுகுத்தண்டு நீரைப் பார்க்க வேண்டும், மூளைக்காய்ச்சலுக்கு ஆம்பிசிலின் அளவும் வேறு.