வாடிக்கையாளர் போனில் தெரியும் பச்சை டிக்கைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள்

வேலூர் லாங் பஜார், மண்டி வீதி, காந்தி ரோடு பக்கம் சின்னக் கடை நடத்துகிறவர்களுக்கும், முதலாளி இல்லாத நேரத்தில் கல்லாவைப் பார்த்துக்கொள்ளும் பையன்களுக்கும் இது.

பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. எழுத்தைப் பார், நிறத்தைப் பார் என்கிறார்கள். என் கருத்தில் அது வீண் வேலை. இப்போது வருவது பழைய படத்தில் தொகையை மாற்றி ஒட்டியது மட்டும் இல்லை. அசல் ஆப் போலவே திறந்து, உங்கள் கியூஆரில் இருக்கும் கடைப் பெயரையே காட்டி, டிக் அடித்து, 'டிங்' சத்தமும் போடும் போலி ஆப்கள் இருக்கின்றன. கூட்ட நேரத்தில் இரண்டு நொடி பார்த்து எந்தக் கண்ணாலும் பிரிக்க முடியாது. அதனால் அவர் போனைப் பார்க்கும் பழக்கத்தையே விடுங்கள். பணம் வந்தால் அது உங்கள் பக்கத்தில் தெரியும்.

உங்கள் பக்கம் என்றால் முதலில் சவுண்ட் பாக்ஸ். அதற்குள் தனி சிம் இருக்கிறது. பணம் வந்த தகவல் சர்வரிலிருந்து நேராக அதற்கு வரும். வாடிக்கையாளர் போனுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பே கிடையாது. ஆனால் சிக்னல் போனாலோ சார்ஜ் இறங்கினாலோ பாக்ஸ் பேசாது. இன்னொரு ஆபத்து, பேசியதைப் பாதி கேட்பது. 1,000 ரூபாய் சரக்குக்கு 10 ரூபாய் போட்டிருப்பார். சந்தடியில் பாக்ஸ் பேசியது மட்டும் காதில் விழும், தொகை விழாது. தினமும் கடை திறந்ததும் வீட்டுப் போன் ஒன்றிலிருந்து 1 ரூபாய் போட்டுப் பாருங்கள். பாக்ஸ் வேலை செய்கிறதா என்பதோடு, கியூஆர் மேல் வேறு யாராவது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்களா என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாயங்காலம், 26 கிலோ அரிசி மூட்டை, பில் 1,480 ரூபாய். மூட்டை ஸ்கூட்டியில் ஏறிவிட்டது. "அனுப்பிட்டேன்ணா, பாருங்க" என்று போனை நீட்டுகிறார். பாக்ஸ் பேசவில்லை. உடனே உங்கள் வணிக ஆப்பைத் திறந்து, பட்டியலைக் கீழே இழுத்துப் புதுப்பியுங்கள். மேலே 1,480, இப்போதைய நேரம், அனுப்பியவர் பெயர் மூன்றும் இருந்தால் முடிந்தது. அதே தொகை பத்து நிமிடம் முன்பு வேறொருவர் போட்டதாக இருக்கலாம், அதனால் நேரத்தைக் கட்டாயம் பாருங்கள். சந்தேகம் என்றால் 12 இலக்க யுடிஆர் நம்பரை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். அந்த நம்பரில் வழக்கமாக முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 2025 ஆகஸ்ட் 15 என்றால் 5227 என்று தொடங்கும். பழைய ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்திக் கொண்டுவந்தவர் இதில் மாட்டுவார். ஆனால் தொடக்கம் சரியாக இருப்பதால் மட்டும் பணம் வந்ததாக ஆகாது. உங்கள் பட்டியலில் அந்த நம்பர் இருக்க வேண்டும்.

எஸ்எம்எஸ்ஸை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். சிறு தொகைக்குச் சில வங்கிகள் அனுப்புவதே இல்லை. வணிகக் கியூஆரில் பல நேரம் பணம் சேர்த்து வைத்துப் பிறகுதான் வங்கிக் கணக்குக்குப் போகும். சாதாரண 10 இலக்கப் போன் நம்பரிலிருந்து 'கிரெடிட் ஆனது' என்று வந்தால் அது வங்கி அனுப்பியதில்லை.

உங்கள் பட்டியலில் இல்லை, அவர் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது என்றால்? இது நிஜமாகவே நடக்கும். காந்தி ரோட்டில் ஆஸ்பத்திரிக்கு வந்த வெளி மாநிலத்துக்காரர் பலர் இப்படிச் சிக்கித் தவிக்கிறார்கள். திருடன் என்று கத்திவிடாதீர்கள். கடைக்கு வந்து சேராத பணம் 5 நாளுக்குள் தானாக அவருக்கே திரும்ப வேண்டும் என்பது 2019 முதல் ரிசர்வ் வங்கி விதி. சரக்கை ஓரமாக எடுத்து வையுங்கள், பெயரையும் யுடிஆரையும் நோட்டில் எழுதுங்கள், முடிந்தால் ரொக்கமாக வாங்குங்கள். பிறகு முதல் பணமும் வந்துவிட்டால், அந்த வரவிலேயே ரீஃபண்ட் கொடுங்கள். அவர் சொல்லும் வேறு நம்பருக்கு அனுப்பாதீர்கள்.

முதலாளி போனில் மட்டும் ஆப் இருப்பதுதான் பெரிய ஓட்டை. பல வணிக ஆப்களில் வேலையாளுக்கு வரவை மட்டும் பார்க்கும் தனி நுழைவு கொடுக்கலாம். அதைச் செய்துவிட்டு, "நான் ஆப்பில் பார்க்காமல் மூட்டை ஏறாது" என்று சொல்லும் உரிமையைப் பையனுக்குக் கொடுங்கள். ஏமாந்தால் அவன் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் உண்டு. பார்க்க வழியே கொடுக்காமல் பிடிப்பது அநியாயம்.

மீறி ஏமாந்துவிட்டால் 1930-க்குச் சொல்லுங்கள், cybercrime.gov.in-இலும் பதியுங்கள். ஆனால் அங்கே முடக்குவதற்குப் பணமே நகர்ந்திருக்காது. வங்கியில் தடயமும் இருக்காது. இது நேரில் நடந்த மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318. அதனால் உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுங்கள். கேமராப் பதிவு பழசு அழிந்து புதுசு ஏறிக்கொண்டே இருக்கும், அன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள். வண்டி நம்பர், சரியான நேரம், பில் நகல், அந்த ஒரு மணி நேரத்து ஆப் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.