ஒரு ஸ்டார் ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் கேட்டரிங்காரர்களுக்கு

சிங்கப்பூரில் நம்மவர் உணவுக்கடைகள், கேட்டரிங் கடைகளின் கூகுள் பக்கங்களைப் புரட்டினால் முதலாளிகளின் பதில்கள் பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்த்த "உங்கள் கருத்துக்கு நன்றி, மேம்படுத்திக்கொள்கிறோம்". இன்னொன்று, ராத்திரி பதினோரு மணிக்குக் கடையை மூடிவிட்டு ஆத்திரத்தில் தட்டியது. என்னைக் கேட்டால் முதல் வகையை எழுதுவதற்குப் பேசாமல் இருப்பதே மேல். இரண்டாவது வகைதான் கடை பெயரைக் கெடுக்கிறது, சில சமயம் சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடுகிறது.

ஒரு கற்பனை ரிவ்யூவை எடுத்துக்கொள்வோம். "புதுமனை புகுவிழாவுக்கு 60 பேருக்கு ஆர்டர். 12 மணிக்கு வரவேண்டிய சாப்பாடு 12.40க்கு வந்தது. மட்டன் பாதிப் பேருக்குக்கூடப் பற்றவில்லை. அன்று இரவு அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை."

முதல் வேலை பதில் எழுதுவது இல்லை. அந்த ரிவ்யூவைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுதியவர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திருத்தலாம், பிறகு எதற்குப் பதில் சொன்னீர்கள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். அப்புறம் ஆர்டரைத் தேடுங்கள். ரிவ்யூ மனைவி பெயரில் இருக்கும், ஆர்டர் கணவர் பெயரில் இருக்கும். பெயரை மட்டும் பார்த்துவிட்டு "இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லை, போலி ரிவ்யூ" என்று எழுதி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. தேதியை வைத்து, இடத்தை வைத்து, எத்தனை பேருக்கு என்பதை வைத்துத் தேட வேண்டும். உண்மையிலேயே கிடைக்கவில்லை என்றாலும் "போலி" என்ற சொல் வேண்டாம். "இந்த ஆர்டரை எங்கள் பதிவில் கண்டுபிடிக்க முடியவில்லை, ஆர்டர் எண்ணை எங்கள் கடை எண்ணுக்கு அனுப்புங்கள்" என்றால் போதும். கூகுளிடம் புகார் செய்வதைத் தனியாகச் செய்யுங்கள். விதியை மீறிய ரிவ்யூவைத்தான் கூகுள் நீக்கும். சாப்பாடு போதுமான அளவு வந்ததா இல்லையா என்ற சண்டையில் அது பஞ்சாயத்து பண்ணாது.

இந்த ரிவ்யூவில் நான்கு புகார்கள் இருக்கின்றன. நான்குக்கும் ஒரே பதில் கிடையாது. டிரைவரின் வாட்ஸ்அப்பில் 12.38க்கு இறக்கிய படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் தாமதம் உண்மை, முழுதாக ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். "ஜூரோங்கில் டிராபிக்" என்பதை ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள். 12 மணி விருந்துக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்பது கேட்டரிங்காரருக்குத் தெரிய வேண்டிய விஷயம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். போன் எடுக்காததும் அப்படித்தான்.

மட்டன் விஷயத்தில் கை துறுதுறுக்கும். 60 பேருக்குச் சொல்லிவிட்டு 85 பேரை அழைத்தார்கள் என்று டிரைவர் சொல்லியிருப்பார், பாக்கி 200 வெள்ளிகூட இன்னும் வந்திருக்காது. இரண்டையும் எழுதக் கூடாது. கூட்டம் எவ்வளவு என்று நீங்கள் எண்ணவில்லை. பாக்கியை ஊரறியச் சொன்னால், படிக்கிற அடுத்த வாடிக்கையாளர் "நாளைக்கு என்னையும் இப்படித்தான் எழுதுவார்கள்" என்றுதான் எடுத்துக்கொள்வார். ரிவ்யூ எழுதியவரே வெளியில் சொன்ன 60 என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்கள் சமையலறைக் குறிப்பில் இருப்பதைச் சொல்லலாம், அவ்வளவுதான்.

இங்கே சட்டமும் இருக்கிறது. வாடிக்கையாளரின் போன் எண், முகவரி, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் தனிநபர் தகவல். ஒரு வீடு மாற்றும் நிறுவனம் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் குறை சொன்னவருக்குப் பதில் எழுதும்போது அவருடைய தனிப்பட்ட விவரங்களை வெளியிட்டது. குறை சொன்னது ஒருவர், கடைசியில் 2017-ல் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்தின் முன் நின்றது நிறுவனம். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிடுவது 2020 ஜனவரியிலிருந்து தனிக் குற்றமும்கூட. ஆகவே ஸ்கிரீன்ஷாட் உங்கள் ஃபைலில் இருக்கட்டும், பதிலில் வேண்டாம்.

வயிற்றுப்போக்குதான் கத்தி மேல் நடக்கிற இடம். "மன்னிக்கவும், எங்கள் சாப்பாட்டால் இப்படி ஆனது" என்றால் விசாரிக்காமலே பொறுப்பேற்றதாகிவிடும். பொறுப்புக் காப்புறுதி எடுத்திருந்தால், காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனை பெரும்பாலும் அதில் இருக்கும். "எங்கள் சாப்பாட்டில் அப்படி வர வாய்ப்பே இல்லை" என்றால் படுத்திருக்கும் ஒரு அம்மாவைப் பொய் சொல்கிறார் என்கிறீர்கள். இரண்டு பக்கமும் சாயாமல், உடல்நிலையை விசாரித்து, பேச்சைப் போனுக்குக் கொண்டுபோங்கள். அதற்குள் உள்வேலை நடக்கட்டும்: அன்றைய சமையல் நேரம், உணவோடு ஒட்டி அனுப்பிய நேரச் சீட்டு, அதே சமையலிலிருந்து வேறு எங்கே போனது, அங்கே யாருக்காவது தொந்தரவா. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய உணவு 40 நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் தாமதமும் வயிறும் ஒரே கேள்வியாகிவிடும். அந்தக் கணக்கை நீங்கள் முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது பதில். பதில் நீளமாக இருந்தால் கூகுள் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மடித்துவிடும். ஆகவே ஒப்புதல் முதல் வரியிலேயே வர வேண்டும், "20 ஆண்டுகளாகச் சேவை செய்யும் எங்கள் நிறுவனம்" அல்ல.

"வணக்கம். சாப்பாடு 40 நிமிடம் தாமதமாக வந்தது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அன்று போனை எடுக்காததும் எங்கள் தவறு. இனி விருந்து நாளில் ஒருவர் போனுக்கென்றே இருப்பார். 60 பேருக்கான மட்டனை எடை போட்டு அனுப்பியதாக எங்கள் சமையலறைக் குறிப்பில் இருக்கிறது, ஆனாலும் விருந்தில் பற்றாமல் போனதை உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? அன்றைய உணவு பற்றி விசாரித்து வருகிறோம். இந்தப் பக்கத்தில் உள்ள எங்கள் எண்ணில் மேலாளரைக் கேளுங்கள், நாங்களும் உங்களை அழைக்கிறோம்."

வயிற்றுப்போக்கு என்ற சொல்லும் கடைப் பெயரும் இதில் இல்லை, கவனியுங்கள். இரண்டையும் ஒரே வரியில் நாமே எழுதிச் சேர்த்து வைக்க வேண்டாம். போனுக்கு ஒருவர் என்று எழுதினால் அடுத்த வாரமே அப்படி ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். பதிலை அன்று விருந்துக்குப் போகாத ஒருவர் எழுதட்டும், ஒரு நாளுக்குள் போடட்டும். ரிவ்யூ தமிழில் இருந்தால் தமிழில், ஆங்கிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில்.

பணம் திருப்பித் தருவதைப் பதிலில் பேசாதீர்கள், போனில் பேசுங்கள். "ரிவ்யூவை எடுத்தால் 100 வெள்ளி" என்ற பேரம் மட்டும் கூடவே கூடாது. கூகுள் விதி அதைத் தடுக்கிறது, அந்த வாட்ஸ்அப் செய்தியே அடுத்த ரிவ்யூவில் படமாக வரும். மச்சான், மாமா எல்லாரையும் கூப்பிட்டு ஐந்து ஸ்டார் போடச் சொல்வதும் வேண்டாம். 2024-ல் ஒரு கார் மெருகூட்டும் நிறுவனம் போலி ஐந்து ஸ்டார் ரிவ்யூ போட்டதற்காகப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையத்திடம் மாட்டிக்கொண்டது.

பேசித் தீர்ந்த பிறகு பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதில்லை. அதையே திறந்து, வாடிக்கையாளர் சரி என்றால் மட்டும், கீழே "வாடிக்கையாளரிடம் பேசிவிட்டோம்" என்று ஒரு வரி சேருங்கள், தேதியோடு.