வெந்நீர் யார் வெச்சாங்க?

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். மீதிப்பேருக்கு ஒரே வரி: எஸ்டேட்டில் வளர்ந்த என் சிறுவயதைப் பற்றிய கட்டுரையை மேடையில் வாசித்தேன், கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு நாளாக போன் ஓயவில்லை. "அந்தப் பொண்ணு ஏன் அப்படிக் கேட்டுச்சு", "சபையில கேக்கற கேள்வியா அது", "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க". எனக்கு ஆறுதல் சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள், புரிகிறது. ஆனால் எரிச்சல் அந்தப் பெண் மேல் இல்லை, உங்கள் மேல்தான் வருகிறது. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அக்கா, வெந்நீர் யார் வெச்சாங்க?" அவ்வளவுதான். இதில் அவமானப்படுத்த என்ன இருக்கிறது? அவமானப்பட்டது உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனால் அது கேள்வியின் குற்றம் இல்லை.

நான் வாசித்த பத்தி இது: "ஜூலை மழையில் நனைந்து 4.15 மணிக்கு வீடு வருவேன். குளியலறையில் அண்டா நிறைய வெந்நீர் காய்ந்திருக்கும். அடுப்பில் சீகை விறகு எரிந்துகொண்டிருக்கும். மேசையில் வர்க்கியும் டீயும் இருக்கும்." இதை எழுதி முடித்தபோது நல்ல பத்தி என்றுதான் நினைத்தேன். சிலர் கைகூடத் தட்டினார்கள்.

இப்போது அந்த வாக்கியங்களின் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். காய்ந்திருக்கும். எரிந்துகொண்டிருக்கும். இருக்கும். எல்லாம் தானாகவே நடக்கிறது. தண்ணீர் தானாகக் காய்கிறது, விறகு தானாக எரிகிறது, வர்க்கி தானாக மேசையில் ஏறி உட்காருகிறது. அந்தப் பத்தியில் வேலை செய்கிற ஒரே ஆள் நான்தான், நான் செய்த வேலை வீட்டுக்கு வந்தது! காய்ச்சினாள் என்று எழுதினால் யார் என்ற கேள்வி வரும். காய்ந்திருந்தது என்று எழுதினால் வராது. நம் மொழியில் இது ரொம்ப வசதி. பள்ளியில் ஏவுதல் கருத்தா, இயற்றுதல் கருத்தா என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? அரசனால் கட்டப்பட்ட கோயில், தச்சனால் கட்டப்பட்ட கோயில். இரண்டு மார்க் கேள்வி. கட்டச் சொன்னவனையும் கட்டினவன் என்றுதான் சொல்வோம். "நாங்க வீடு கட்டினோம்" என்று சொல்லும்போது நம்மில் எத்தனை பேர் ஒரு செங்கலைத் தொட்டிருக்கிறோம்? என் பத்தியில் அந்த ஏவுகிறவர்கூட இல்லை. துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. அதுதான் விஷயமே. வேண்டுமென்று மறைத்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

சரி, அன்றைக்கு நான் சொன்ன பதில் என்ன? "எங்க வீட்டுல வேலைக்கு இருந்தவங்களை நாங்க வேலைக்காரியா நடத்தவே இல்லை, எங்க வீட்டு மனுஷி மாதிரிதான்." ரொம்பப் பெருந்தன்மையாகச் சொன்னேன். அந்தப் பெண் கோபப்படவே இல்லை. "சரிக்கா, அவங்க பேரு?" என்றார். எனக்கு ஆயா என்பதுதான் தெரியும். பத்து வருஷம் எங்கள் வீட்டு மனுஷி, பெயர் ஆயா. மேடையில் தண்ணீர் குடித்துச் சமாளித்ததை வீடியோவில் பார்த்திருப்பீர்கள்.

நாங்கள் ஒன்றும் துரை வீட்டுப் பிள்ளைகள் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். (ஆமாம், இதுவும் தற்காப்புதான், தெரிந்தே எழுதுகிறேன்.) அப்பா கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் டீமேக்கர், ஃபாக்டரியில் இலை தூளாகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிற வேலை. இரவு இரண்டு மணிக்கு எழுந்துபோய் ஃபாக்டரி மாடியில் பரப்பியிருக்கிற கொழுந்து எவ்வளவு வாடியிருக்கிறது என்று கையில் அள்ளி இறுக்கிப் பார்ப்பார். உருண்டை உடனே உதிராமல் நின்றால்தான் உருட்டும் மெஷினுக்குப் போகும். உள்ளங்கை ரேகை முழுவதும் டீக்கறை, ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்தும் போகவில்லை. துரை பங்களாவின் ரோஜாத் தோட்டத்தை நான் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறேன். அதனால் நாங்கள் சாதாரணக் குடும்பம், கஷ்டப்பட்ட குடும்பம் என்பது என் மனதில் கல்வெட்டு. இப்போதுதான் புரிகிறது, கோளாறே அந்த வேலியில்தான். நான் எப்போதும் மேலே இருந்த பங்களாவைப் பார்த்தே என்னை அளந்தேன். கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள் எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும். அதைப் பார்த்து ஒருநாளும் அளக்கவில்லை. அப்பாவே சாப்பிடும்போது சொல்வார், "இன்னிக்கு ஆயிரம் கிலோ டீ பண்ணேன்." ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அந்த நாலாயிரம் கிலோவை யார் பறித்தார்கள் என்று நானும் கேட்டதில்லை. அப்பா பொய் சொல்லவில்லை, அவர் பண்ணினதும் உண்மைதான்.

இனி, கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். அந்தப் பத்தியைத் திருத்தினேன். முதலில் எழுதியது இது: "என் கண் எவ்வளவு குருடாக இருந்திருக்கிறது! என் குழந்தைப்பருவத்தின் கதகதப்பு இன்னொருத்தியின் உழைப்பு என்பதை நான் உணரவே இல்லையே, என் நெஞ்சு குற்ற உணர்ச்சியில்..." இப்படியே பன்னிரண்டு வரி. அழுதுகொண்டே எழுதினேன், சத்தியமாக. காலையில் எடுத்து நான், என், எனக்கு என்கிற சொற்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டேன். பதினேழு. ஆயா வந்தது இரண்டு இடத்தில், இரண்டிலும் எனக்குக் குற்ற உணர்ச்சி தருகிற வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். அதாவது முன்பு வெந்நீர் வைத்தவர், இப்போது என்னை நல்லவளாக்கிக் காட்டுகிற வேலைக்கு வந்திருக்கிறார். சம்பளம் அதற்கும் கிடையாது. கிழித்துப் போட்டேன்.

பெக்கி மெக்கின்டாஷ் என்று ஒரு அமெரிக்கப் பேராசிரியை. பெண்கள் பின்தங்கியிருப்பதை ஒப்புக்கொள்கிற ஆண்கள், தாங்கள் கூடுதலாகப் பெற்றிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே என்று எரிச்சல்பட்டவர், வெள்ளைக்காரியான தன்னையே அதே கேள்வி கேட்டு 1988-ல் ஒரு பட்டியல் எழுதினார். அழுகையே இல்லை. கடையில் தோல் நிற பேண்டேஜ் கேட்டால் என் தோலுக்குப் பொருந்துவது கிடைக்கும் என்கிற மாதிரி சின்னச் சின்னச் சங்கதிகள். பேண்டேஜ் அளவுக்கு இறங்கி வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது. எனக்கு வெந்நீர்.

அதனால் உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு நேரத்தைக் கணக்குப் போட்டேன். மழைக்கால ஈர விறகில் அந்த அண்டா காய ஒரு மணி நேரமாவது வேண்டும். நான் வருவது 4.15. அப்படியானால் மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியிருக்க வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு ஆயா எங்கே இருப்பார்? காலையில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுத் தேயிலைக் காட்டுக்குப் போகிறவர், கொழுந்து நிறுத்துவிட்டு மேலே வர நாலரை ஆகும், அது எனக்கே நினைவிருக்கிறது, நான் வர்க்கி தின்னும்போதுதான் இடுப்பில் சுற்றிய ஈரப் படங்கோடு பின்வாசலில் வந்து நிற்பார். அம்மா எஸ்டேட் ஸ்கூலில் டீச்சர், நாலு மணிக்கு முன்னால் வர முடியாது. அப்போது வெந்நீர் யார் வைத்தது? 37 வருஷமாக வாசித்துக் காட்டுகிற நினைவு, கணக்கே இடிக்கிறது.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அவ பொண்ணுதாண்டி. உன்னவிட ஒரு வயசு மூப்பு. மத்தியானமே வந்துருவா."

"அவ ஸ்கூல் போகலையா?"

"அஞ்சாவது வரைக்கும் என் கிளாஸ்தான். கணக்கு நல்லாப் போடுவா."

எஸ்டேட் ஸ்கூல் அஞ்சாவதோடு சரி. 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டமே ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளின் படிப்பு வசதியைத்தான் பேசியது. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். நான் ஆறாவதுக்கு டவுனுக்குத்தான் போனேன். எப்படிப் போனேன்? எஸ்டேட் வேனில். அந்த வேனைப் பற்றி என் கட்டுரையில் ஒரு பக்கம் இருக்கிறது, மூடுபனி, ஹெட்லைட், ஜன்னல் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதியது, எல்லாம் இருக்கிறது. ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு மட்டும் என்கிற ஒரு சங்கதி மட்டும் இல்லை.

"இப்படி ஒவ்வொரு வரியிலும் வேலைக்காரர் கணக்கெடுத்தால் அது கட்டுரையா, மஸ்டர் ரோலா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எல்லா வரியிலும் வேண்டாம். எந்த வரியில் சுகம் தானாக வருகிறதோ அந்த வரியில் மட்டும் நின்று பாருங்கள். என் கட்டுரையில் அப்படி ஆறு இடம் தேறியது. ஐந்தை அப்படியே விட்டுவிட்டேன், வெந்நீரை மட்டும் திருத்தினேன்.

"உங்கப்பாவும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே, அவரை ஏன் கூண்டில் ஏற்றுகிறாய்?" என்று என் தம்பியே கேட்டுவிட்டான். எங்கே ஏற்றினேன்? வேனில் யார் ஏறலாம் என்று முடிவு செய்தது அப்பா இல்லை. ஆனால் அந்த வேனில் ஏறியது நான். இது இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாதா? அப்பாவின் கைக்கறையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, சொல்வேன். அதை அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலாகச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். அவர் அப்பாவைப் பற்றிக் கேட்கவே இல்லையே. வெந்நீர்தானே கேட்டார். நீங்கள் எல்லோரும் ஏன் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடி வருகிறீர்கள்? (முதலில் இழுத்தது நான்தான், மேலே இருக்கிறது.)

"சாதியை ஏன் எழுதவில்லை?" நியாயமான கேள்வி. இந்தப் பதிவில் நழுவுகிறேன்.

"ஆயாவின் பெயர் தெரிந்துவிட்டதா?" தெரிந்துவிட்டது, அம்மா சொன்னார். இங்கே போட மாட்டேன். அவர்கள் குடும்பத்தில் யாரையும் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் போட்டால் அதுவும் எனக்கு ஒரு அலங்காரமாகத்தான் முடியும்.

இப்போதைக்குப் பத்தி இப்படி நிற்கிறது: "ஜூலை மழையில் 4.15 மணிக்கு வேனிலிருந்து இறங்குவேன். லைனிலிருந்து ஒரு பெண், 12 வயது, மூன்று மணிக்கே வந்து ஈரச் சீகை விறகை ஊதி ஊதிப் பற்றவைத்து எனக்கு வெந்நீர் போட்டிருப்பாள். அஞ்சாவது வரை எங்கள் அம்மாவிடம் படித்தவள். வேன் ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு மட்டும்." வருத்தம் என்ற சொல் இதில் இல்லை. பழைய பத்தியைவிட அழகு குறைவு என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டும்.

நேற்று ராத்திரி அம்மாவிடம் மறுபடி கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "அந்த வேன்ல எத்தனை பேரும்மா போனோம்?"

"அஞ்சு பேருதானே போவீங்க."

பத்துப் பேர் உட்காருகிற வேன் அது. பின் சீட்டில்தான் எங்கள் பைகளை வைப்போம்.

இதுவும் பத்தியில் சேருமா என்று இன்னும் தெரியவில்லை. தயவுசெய்து அந்தப் பெண்ணைக் குறை சொல்ல யாரும் எனக்கு போன் செய்யாதீர்கள்.